விழுந்த உயரமும் மடியும் முழங்காலும்

கணினி விளையாட்டில் ஒரு பாத்திரம் மேட்டிலிருந்து குதித்துத் தரையைத் தொடும்போது இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கீழே வருகின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியாத கூடு. மாத்திரை வடிவில் இருக்கும் இந்தக் கூடுதான் சுவரில் இடிப்பதையும் தரையில் நிற்பதையும் கணக்கிடுகிறது. மற்றொன்று, அந்தக் கூட்டுக்குள் எலும்பும் தோலும் உடையுமாக அசையும் உருவம். தரை தட்டியதும் கூடு ஒரே பிரேமில் நின்றுவிடும். மனித உடல் அப்படி நிற்பதில்லை. பாதம் நின்ற பிறகும் இடுப்பு கீழே போய்க்கொண்டிருக்கிறது. முழங்கால் மடிந்து அந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. கூடு ஒரு நொடியில் விட்டுவிட்ட வேகத்தை உருவத்தின் இடுப்பு எடுத்துக்கொண்டு, அதைத் தானே தீர்க்க வேண்டும். தரையிறங்கும் அனிமேஷனின் வேலை இதுதான்.

எவ்வளவு வேகம் என்பதைச் சொல்வது விழுந்த உயரம். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் விநாடிக்கு 3.13 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஒன்றரை மீட்டருக்கு அது 5.42, மூன்று மீட்டருக்கு 7.67. உயரம் ஆறு மடங்கு கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்குதான் கூடுகிறது, ஏனென்றால் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. இந்தச் சின்னப் பள்ளிக்கூடப் பாடம் பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

விழுந்த உயரத்தை இடுப்பு தாழும் தூரத்தால் வகுத்தால், உடல் சராசரியாகப் புவியீர்ப்பின் எத்தனை மடங்கு விசையுடன் நிறுத்தப்பட்டது என்பது கிடைக்கும். மூன்று மீட்டர் விழுந்து இடுப்பு 45 சென்டிமீட்டர் தாழ்ந்தால் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு. வலிக்கும், ஆனால் நம்பலாம். அதே மூன்று மீட்டருக்கு இடுப்பு 15 சென்டிமீட்டர் மட்டும் தாழ்ந்தால் இருபது மடங்கு. திரையைப் பார்ப்பவர் யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் அந்த உருவத்துக்கு எடையே இல்லை என்று அவர் கண் உடனே சொல்லிவிடும்.

ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

1989-இல் ஆப்பிள் II கணினிக்காக ஜோர்டான் மெக்னர் உருவாக்கிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாட்டில் இந்தச் சிக்கலுக்கு எளிய விடை ஒன்று இருந்தது. மெக்னர் தம் தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் பார்த்துப் பார்த்து இளவரசனை வரைந்தார். அந்த இளவரசன் ஒரு மாடி விழுந்தால் குனிந்து எழுந்துவிடுவான். இரண்டு மாடி விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளியை இழப்பான். மூன்று மாடி என்றால் இறந்துபோவான். அந்த அரண்மனை முழுக்க மாடி மாடியாக அடுக்கிக் கட்டப்பட்டது. ஒன்றேகால் மாடி உயரம் என்று ஒன்று அங்கே கிடையாது. அதனால் உயரத்தை வகை பிரித்து, வகைக்கு ஓர் அசைவு என்று வைத்தது முற்றிலும் பொருந்தியது.

முப்பரிமாண விளையாட்டில் பாறையும் படிக்கட்டும் கூரையும் எந்த உயரத்திலும் இருக்கும். அங்கே இரண்டு மீட்டரில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே இலேசான இறக்கம், மேலே பலத்த இறக்கம் என்று பிரித்தால் கோடு சீக்கிரமே அம்பலமாகிவிடும். 1.9 மீட்டர் மதிலின் விளிம்பிலிருந்து சும்மா கால் வைத்து இறங்கினால் பாத்திரம் இலேசாக முழங்கால் மடிக்கிறது. அதே மதிலின் மேலே கையளவு எம்பிக் குதித்தால் தரையில் குப்புறக் குந்தி, கை ஊன்றி, மெல்ல எழுகிறது. விளையாடுகிறவர் ஒரே மதிலில் பத்து முறை ஏறி இறங்குவார். இரண்டு விதமான உடல்கள் மாறி மாறி வருவதை அவர் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

ஆகவே இரண்டு அசைவுகளையும் கலக்க வேண்டும். அரை மீட்டர் விழுந்து பதிவு செய்த இலேசான இறக்கம் ஒரு முனை. மூன்று மீட்டர் விழுந்து பதிவு செய்த பலத்த இறக்கம் மறுமுனை. இடைப்பட்ட உயரங்களுக்கு ஒவ்வொரு எலும்பின் நிலையையும் இரண்டிலிருந்தும் ஒரு விகிதத்தில் எடுத்துச் சேர்ப்பது. யூனிட்டி, அன்ரியல் போன்ற என்ஜின்களில் இதற்கான வசதி தயாராகவே இருக்கிறது. யூனிட்டியில் இதன் பெயர் பிளெண்ட் ட்ரீ. இனி வரும் விளக்கம் யூனிட்டியை வைத்தே செல்கிறது. கணக்கு எங்கும் ஒன்றுதான்.

கலப்பது உயரத்தையா, வேகத்தையா

ஒன்றரை மீட்டர் விழுந்த பாத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். உயரத்தை நேராக விகிதமாக்கினால், அரை மீட்டருக்கும் மூன்று மீட்டருக்கும் இடையில் ஒன்றரை என்பது 0.4 பங்கு தூரத்தில் இருக்கிறது. அதாவது பலத்த இறக்கத்திலிருந்து 40 சதவீதம், இலேசான இறக்கத்திலிருந்து 60 சதவீதம். பார்வைக்கு நியாயமான கணக்கு. ஆனால் தரையைத் தொட்ட அந்தக் கணத்தில் இடுப்பு என்ன வேகத்தில் இருக்கும் என்று பார்க்க வேண்டும். ஒரு கிளிப்பில் இடுப்பு 3.13 வேகத்தில் இறங்கத் தொடங்குகிறது, மற்றதில் 7.67. இந்த விகிதத்தில் கலந்தால் கிடைப்பது 4.95. உண்மையில் விழுந்துகொண்டிருந்த வேகம் 5.42. முந்தைய பிரேம் வரை வேகமாக வந்த இடுப்பு, பாதம் தொட்ட அதே பிரேமில் விநாடிக்கு அரை மீட்டர் அளவு வேகத்தைக் காரணமில்லாமல் தொலைக்கிறது.

வெட்டு என்று கண் பிடிப்பது பெரும்பாலும் இதைத்தான். இடம் மாறிவிட்டால் வெட்டு என்று பலரும் நினைக்கிறார்கள். இடம் சரியாகத் தொடர்ந்தாலும் வேகம் தொடராவிட்டால் அசைவு வெட்டியதாகவே தெரியும். விநாடிக்கு 60 பிரேம் ஓடும் திரையில், 5.42 மீட்டர் வேகம் என்பது பிரேமுக்கு 9 சென்டிமீட்டர். ஒன்பது, ஒன்பது என்று தாழ்ந்துவந்த இடுப்பு அதன்பின் எட்டரை, ஏழரை, ஆறு, நாலரை என்று குறைந்துபோனால் அது உடல். ஒன்பதிலிருந்து திடீரென்று மூன்றுக்கு விழுந்தால் அது பொம்மை.

உயரத்துக்குப் பதில் வேகத்தை விகிதமாக்கினால் இந்தக் குறை தானாகவே நீங்குகிறது. 3.13-க்கும் 7.67-க்கும் இடையில் 5.42 இருக்கும் இடம் 0.50. பாதிக்குப் பாதி கலந்தால் இடுப்பின் தொடக்க வேகம் 5.40, உண்மை வேகத்துக்கும் அதற்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. காரணம் எளிது. நிலைகளை நேர்விகிதத்தில் கலக்கும்போது இடுப்பின் வேகங்களும் நேர்விகிதத்தில் கலக்கின்றன. எனவே கலப்பை ஓட்டவேண்டிய அளவும் வேகமாகவே இருக்க வேண்டும்.

உயரத்தைவிட வேகத்தை நம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல விளையாட்டுகளில் பாத்திரம் மிதப்பதுபோல் தெரியக்கூடாது என்பதற்காக, கீழே வரும்போது மட்டும் புவியீர்ப்பை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒன்றரை மீட்டர் விழுந்த உடலும் 7.67 வேகத்தில், அதாவது மூன்று மீட்டர் விழுந்ததுபோலவே தரையைத் தொடும். மேலே ஏறிவரும் லிஃப்டின் மீது குதித்தால் லிஃப்டின் வேகமும் சேர்ந்துகொள்ளும். சரிவான தரையில் தரைக்கு நேர்க்குத்தான வேகம் மட்டுமே முழங்காலுக்குப் போகும். உயரத்தை அளந்துகொண்டிருந்தால் இவை ஒவ்வொன்றுக்கும் தனி விதிவிலக்கு எழுத வேண்டியிருக்கும். காட்சியை வடிவமைப்பவர் மீட்டரில் பேசட்டும். அனிமேஷனுக்குப் போகும் எண் வேகமாகவே இருக்கட்டும்.

அந்த வேகத்தைப் பிடிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. தரை தொட்ட பிறகு வேகம் என்ன என்று கேட்டால் பூஜ்யம் என்றோ அதற்கு மிக நெருக்கமாகவோ பதில் வரும், ஏனென்றால் கூடு ஏற்கெனவே நின்றுவிட்டது. எந்த உயரத்திலிருந்து குதித்தாலும் இலேசான இறக்கம் மட்டுமே வருகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். காற்றில் இருக்கும் ஒவ்வொரு பிரேமிலும் வேகத்தைக் குறித்துவைத்து, தொட்ட பிரேமில் கடைசியாகக் குறித்ததை எடுக்க வேண்டும். கூட்டை நகர்த்தி முடித்தபின் ஓடவேண்டிய சில வரிகள் இவை. `velocityY` என்பது ஸ்கிரிப்ட் தானே கணக்கிட்டு வைத்திருக்கும் செங்குத்து வேகம்:

```csharp
if (!controller.isGrounded)
{
    fallSpeed = Mathf.Max(0f, -velocityY);
}
else if (!wasGrounded)
{
    float w = Mathf.InverseLerp(3.13f, 7.67f, fallSpeed);
    animator.SetFloat("Land", w);
    animator.SetTrigger("Landed");
}
wasGrounded = controller.isGrounded;
```

`Mathf.InverseLerp` விடையை 0-க்கும் 1-க்கும் இடையில் நிறுத்திவிடும் என்பதால் தனியாக எல்லை கட்ட வேண்டியதில்லை. `SetFloat` கட்டளையில் எண்ணை மெல்ல மெல்ல மாற்றித் தரும் வசதியும் உண்டு. நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாற அது நல்ல வசதி. இங்கே அதைப் பயன்படுத்தினால் இடுப்புக்குச் சரியான வேகம் தேவைப்படும் முதல் பிரேமில் விகிதம் பழைய மதிப்பிலேயே இருக்கும். பிறகு அசைவின் நடுவில் மாறிக்கொண்டே போகும். இறக்கத்தின் விகிதம் தொட்ட கணத்தில் ஒரே தடவையில் எழுதப்பட வேண்டும், எழுந்து முடியும்வரை அதைத் தொடக்கூடாது. படிக்கட்டில் இறங்கும்போது `isGrounded` ஓரிரு பிரேமுக்கு இல்லை என்று சொல்லித் திரும்ப ஆம் என்று சொல்லும். பத்தில் ஒரு பங்கு விநாடியாவது காற்றில் இருந்திருந்தால் மட்டுமே இறக்கத்தைத் தொடங்கு என்று ஒரு நிபந்தனை சேர்த்தால், படிக்குப் படி பாத்திரம் குந்தி எழுவது நின்றுவிடும்.

இரண்டு கிளிப்புகளும் ஒரே தாளத்தில்

விகிதம் சரியாக இருந்தும் இறக்கம் இரண்டு தவணையில் தாழ்வதுபோலத் தெரிவதுண்டு. காரணம் கிளிப்புகளின் நீளத்தில் இருக்கிறது.

இலேசான இறக்கம் மொத்தம் 0.5 விநாடி, பலத்தது 1.2 விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவதில் இடுப்பு 0.10 விநாடியில் அடிமட்டத்தைத் தொடுகிறது, இரண்டாவதில் 0.12 விநாடியில். பிளெண்ட் ட்ரீ ஒவ்வொரு கிளிப்பையும் தொடக்கம் 0, முடிவு 1 என்று அளந்து, இரண்டையும் அந்த அளவில் இணையாக ஓட்டுகிறது. பாதிக்குப் பாதி கலந்தால் மொத்த நீளம் 0.85 விநாடி ஆகும். இலேசான கிளிப்பில் அடிமட்டம் 20 சதவீதத்தில் இருக்கிறது, பலத்ததில் 10 சதவீதத்தில். ஆக, 0.085 விநாடியில் பலத்த கிளிப்பின் இடுப்பு அடியைத் தொட்டு மேலே திரும்பும்போது, இலேசான கிளிப்பின் இடுப்பு இன்னும் பாதிவழியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அது அடியைத் தொடுவது 0.17 விநாடியில்தான். அதோடு நிற்பதில்லை. இலேசான கிளிப் இழுக்கப்பட்டு மெதுவாகவும், பலத்த கிளிப் நெருக்கப்பட்டு வேகமாகவும் ஓடுவதால், கலந்த இடுப்பின் தொடக்க வேகம் 6.3-க்கு ஏறிவிடுகிறது. கவனமாகப் பொருத்திய 5.42 வீணாகிறது.

இதற்கு விடை, இறக்கத்தை இரண்டாக அறுப்பது. பாதம் தொட்டதிலிருந்து இடுப்பு அடிமட்டம் போகும்வரை ஒரு துண்டு. அங்கிருந்து நிமிர்ந்து நிற்கும்வரை இன்னொன்று. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி பிளெண்ட் ட்ரீ, ஆனால் இரண்டுக்கும் ஒரே விகிதம்.

இப்படி அறுத்தால் ஒரு நல்ல விஷயம் வெளிப்படும். மடியும் துண்டு இரண்டு கிளிப்பிலும் ஏறக்குறைய ஒரே நீளம். அதிக வேகத்தில் வரும் உடல் அதிக ஆழம் தாழ்கிறது, ஆகவே எடுக்கும் நேரம் அதிகம் மாறுவதில்லை. 3.13 வேகத்தில் வந்து 15 சென்டிமீட்டர் தாழ்வதற்கும், 7.67 வேகத்தில் வந்து 45 சென்டிமீட்டர் தாழ்வதற்கும் ஆகும் நேரம் முறையே 0.10, 0.12 விநாடிதான். நீளம் ஒத்துப்போனால் இழுப்பும் நெருக்கலும் மிகச் சிறிது, வேகம் காப்பாற்றப்படுகிறது. எழும் துண்டில் நீளங்கள் 0.4, 1.08 என்று வெகுவாக வேறுபடும். ஆனால் அது இடுப்பு அசையாமல் நிற்கும் அடிமட்டத்தில் தொடங்குகிறது. வேகம் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் எவ்வளவு இழுத்தாலும் பூஜ்யம் பூஜ்யமே. எழும் நேரம் 0.74 விநாடியாக அமைந்து, இலேசாகவும் இல்லாமல் பலத்ததாகவும் இல்லாமல் நடுவில் நிற்கும்.

கிளிப்புகளைப் பதிவு செய்யும்போதே இரண்டிலும் ஒரே கால் முதலில் தொடும்படியும், உடல் ஒரே பக்கம் சாயும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் இடக்கால் முன்னும் மற்றதில் வலக்கால் முன்னும் இருந்தால், நடு விகிதத்தில் இரண்டு கால்களும் ஒன்றன் மேல் ஒன்று வந்து நிற்கும். அதை எந்தக் கணக்காலும் பிறகு சரிசெய்ய முடியாது. கிளிப்பை இடவலமாகத் திருப்பிப்போட வேண்டியதுதான்.

காற்றிலிருந்து தரைக்கு

இதுவரை பேசியது இரண்டு இறக்கங்களுக்கு இடையிலான கலப்பு. விழும் நிலையிலிருந்து இறக்கத்துக்கு மாறும் கலப்பு வேறு. வெட்டு அதிகமாகத் தெரியும் இடமும் அதுதான்.

யூனிட்டியில் புதிதாகப் போடும் மாற்றத்தில் `Has Exit Time` என்பது பெரும்பாலும் டிக் போட்டபடியே வரும். விழும் கிளிப் ஒரு சுற்று முடியும்வரை காத்திரு என்பது அதன் பொருள். பாத்திரம் தரையில் நின்ற பிறகும் கைகளை விரித்து ஆடிக்கொண்டிருந்து, பிறகு திடீரென்று குந்தினால், முதலில் பார்க்க வேண்டியது இந்த டிக்கைத்தான்.

அதை எடுத்த பிறகு, மாறும் நேரம் எவ்வளவு என்ற கேள்வி வரும். வழக்கமான கால் விநாடியை விட்டுவைத்தால், மடியும் துண்டே 0.11 விநாடியில் முடிந்துவிடுவதால், இடுப்பு அடியைத் தொடும்போது உருவத்தில் பாதிக்கு மேல் இன்னும் விழும் நிலைதான் இருக்கும். அடி விழுந்ததே தெரியாமல் போகும். மெத்தையில் விழுந்ததுபோல் இருக்கும். நேரத்தைப் பூஜ்யமாக்கினால் தோளும் கையும் ஒரே பிரேமில் இடம் மாறும். மூன்று பிரேம், அதாவது 0.05 விநாடி, நடுத்தரமான சமரசம். ஆனால் விழும் நிலையும் தொடும் நிலையும் நெருக்கமாக இருந்தால்தான் மூன்று பிரேம் போதும்.

நெருக்கமாக்கும் வழியை மனித உடலே காட்டுகிறது. குதிக்கிறவர் தரை தொட்ட பிறகு காலைத் தயார் செய்வதில்லை. பாதம் தொடுவதற்கு முன்பே கால் தசைகள் இறுகி, கால் நீண்டு, முன்பாதம் தரையைத் தேடுகிறது. பாத்திரத்துக்கும் அதையே செய்விக்கலாம். விழும்போது கூட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோட்டை விட்டு, தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு பிரேமும் அளக்க வேண்டும். தற்போதைய வேகமும் மிச்சமுள்ள தூரமும் தெரிந்தால், தொடும்போதுள்ள வேகம் முன்கூட்டியே கிடைத்துவிடும்:

```
v_impact = sqrt(v*v + 2*g*d)
```

நம் ஒன்றரை மீட்டர் விழுக்காட்டில், தொடுவதற்கு 0.15 விநாடி முன்பு பாத்திரம் தரைக்கு 70 சென்டிமீட்டர் மேலே, 3.95 வேகத்தில் இருக்கும். அந்த இடத்தில் கால் நீட்டும் நிலையைக் கலக்கத் தொடங்கினால், பாதம் தொடும்போது உருவம் இறக்கக் கிளிப்பின் முதல் பிரேமுக்கு மிக அருகே வந்துவிடும். தொடும் வேகம் முன்பே தெரிவதால், நீட்டும் நிலையையும் இலேசானது, பலத்தது என்று அதே விகிதத்தில் கலக்கலாம்.

முன்கூட்டிப் பார்க்க முடியாத நேரங்களும் உண்டு. விளையாடுகிறவர் கடைசிக் கணத்தில் காற்றில் வாளை வீசலாம். பறந்துவரும் மேடை ஒன்று குறுக்கே வரலாம். இதற்கு 'கியர்ஸ் ஆஃப் வார்' விளையாட்டின் அனிமேஷன் முறையை 2018-இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் டேவிட் போலோ விளக்கியபோது பரவலாக அறிமுகமான உத்தி ஒன்று உதவுகிறது. அதன் பெயர் இனர்ஷியலைசேஷன். தமிழில் சடத்துவ மாற்றம் எனலாம். இந்த முறையில் இரண்டு கிளிப்பையும் சேர்த்து ஓட்டுவதே இல்லை. தொட்ட பிரேமில் புதிய கிளிப்புக்கு உடனே தாவிவிட வேண்டியது. அந்தக் கணத்தில் ஒவ்வொரு எலும்பும் இருந்த இடத்துக்கும் போகவேண்டிய இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ள வேண்டும்; அந்த இடைவெளி எந்த வேகத்தில் மாறிக்கொண்டிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு புதிய கிளிப்பின் மேல் அந்த இடைவெளியைக் கூட்டி, சில பிரேம்களில் அதைச் சீராகப் பூஜ்யமாக்க வேண்டும். இடமும் வேகமும் இரண்டுமே தொடர்வதால் கை, தோள், தலை எல்லாம் தத்தம் உந்தத்தோடு புதிய அசைவுக்குள் நழுவுகின்றன. ஒரு நேரத்தில் ஒரே கிளிப்பைக் கணக்கிட்டால் போதும் என்பதால் கணினிக்கும் சுமை குறைவு. பாதங்களுக்கு மட்டும் இது ஆகாது: பழைய இடைவெளி பாதத்தைத் தரைக்குள் தள்ளிவிடும்.

பாதம் தரைக்குள் போவது ஏன்

சடத்துவ மாற்றம் இல்லாமலேயே நடு விகிதத்தில் பாதம் தரைக்குள் கொஞ்சம் புதைவதைக் காணலாம். இது யாருடைய பிழையும் இல்லை, கோணங்களின் இயல்பு.

தொடையும் கெண்டைக்காலும் 45 சென்டிமீட்டர் நீளம், இடுப்பு கணுக்காலுக்கு நேர் மேலே என்று வைத்துக்கொண்டால், முழங்கால் 67 பாகை மடியும்போது இடுப்புக்கும் கணுக்காலுக்கும் இடையே 75 சென்டிமீட்டர். 120 பாகை மடியும்போது 45 சென்டிமீட்டர். பாதிக்குப் பாதி கலக்கும்போது இடுப்பின் உயரம் இரண்டுக்கும் சராசரியான 60 சென்டிமீட்டர் ஆகிறது. முழங்காலின் கோணமும் சராசரியாகி 93.5 பாகைக்கு வருகிறது. ஆனால் 93.5 பாகை மடிந்த காலின் எட்டும் தூரம் 60 இல்லை, 61.7. மிச்சமுள்ள 1.7 சென்டிமீட்டர் தரைக்குள் போகிறது. நீளத்தைத் தீர்மானிப்பது கோணத்தின் கோசைன். கோணத்தைச் சராசரியாக்கினால் நீளம் சராசரி ஆவதில்லை. எல்லாக் கலப்புக்கும் பிறகு, தரையில் இருக்கவேண்டிய இடத்தைப் பாதத்துக்குச் சொல்லி, முழங்காலின் கோணத்தைத் திருப்பிக் கணக்கிடச் செய்யும் ஐகே என்னும் முறையால் இதைத் தீர்த்துவிடலாம்.

கை வேறு கதை. பலத்த இறக்கத்தில் பாத்திரம் ஒரு கையைத் தரையில் ஊன்றுகிறது, இலேசானதில் கை காற்றில் இருக்கிறது என்றால், நடு விகிதத்தில் கை கெண்டைக்கால் உயரத்தில், எதையும் தொடாமல், எதையோ தேடுவதுபோல் தொங்கும். ஊன்றுவது என்பது உண்டு அல்லது இல்லை என்ற வகை; பாதி ஊன்றுவது கிடையாது. ஆகவே இங்கே கோடு போடுவதே சரி. இரண்டு முனைக் கிளிப்புகளிலிருந்தும் கையூன்றலை எடுத்துவிட்டு, விகிதம் 0.85-க்கு மேல் போனால் மட்டும் கைக்கான தனி அடுக்கு ஒன்றை இயக்கலாம். தொட்ட கணத்தில் கை எல்லா இறக்கத்திலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து தரைக்குப் போக அதற்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி இருக்கிறது. முடிவு முன்னதாக எடுக்கப்பட்டு அசைவு பின்னதாக வருவதால், கோடு இருந்தும் வெட்டு தெரிவதில்லை.

இவை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க, கால் மீட்டரில் தொடங்கிக் கால் மீட்டர் கூடிக்கொண்டே நான்கு மீட்டர்வரை போகும் பதினாறு மேடைகளை வரிசையாக வைத்தால் போதும். `Time.timeScale` மதிப்பை 0.1 ஆக்கி ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கி, பிரேமுக்கு ஒரு புள்ளியாக இடுப்பு இருக்கும் இடத்தைத் திரையில் வரையச் செய்ய வேண்டும். காற்றில் புள்ளிகளின் இடைவெளி கூடிக்கொண்டே வரும். தரை தொட்டபின் ஒரே சீராக நெருங்கும். ஓரிடத்தில் இரண்டு புள்ளிகள் திடீரென்று ஒட்டிக்கொண்டால் தொடக்க வேகம் பொருந்தவில்லை. நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கினால் அடிமட்டங்கள் ஒத்துப்போகவில்லை. வெறும் கண்ணால் ஏதோ உறுத்துகிறது என்று மட்டும் தெரிவதை, இந்தப் புள்ளிகள் எந்த இடத்தில் என்று காட்டிக்கொடுக்கும்.

பன்னிரண்டாவது மேடையான மூன்று மீட்டரைத் தாண்டியதும் புள்ளிகள் மறுபடி தவறத் தொடங்கும். விகிதம் 1-இல் நின்றுவிட்டது, விழும் வேகம் நிற்கவில்லை. ஆறு மீட்டர் விழுந்த பாத்திரம் 10.85 வேகத்தில் வரும்போது கிளிப்பிடம் 7.67-க்கு மேல் இல்லை. மிச்சமுள்ள 3.18 மீட்டர் வேகத்தை இடுப்பின் மேல் ஒரு சுருள்வில்லாகக் கூட்டலாம். அதிராமல் திரும்பும் அளவுக்குத் தணிக்கப்பட்ட அந்த வில் இடுப்பை அதே வேகத்தில் இன்னும் கீழே தள்ளி, தானாக மீட்கும்:

```
y(t) = -v * t * exp(-w * t)
```

`w` மதிப்பு 10 என்றால் வில்லின் அடிமட்டம் 0.1 விநாடியில் வரும். கூடுதல் ஆழம் சுமார் 12 சென்டிமீட்டர். இடுப்புக்கும் கணுக்காலுக்கும் இடையில் இருந்த 45 சென்டிமீட்டர் 33-க்குக் குறையும், முழங்கால் அதற்கு இடம் கொடுக்கும். இதற்கு மேல் போனால் குந்துவதற்கு உடலில் இடம் கிடையாது. அங்கே உருளலோ விழுந்து கிடப்பதோதான் வர வேண்டும், அதற்குத் தனிக் கிளிப் வேண்டும்.

எழும் துண்டின் நடுவில் விளையாடுகிறவர் ஓட நினைத்தால் என்ன செய்வது என்பதும் இந்த விகிதத்திலேயே முடிகிறது. மடியும் துண்டை எந்த விசையும் வெட்டக்கூடாது, அது 0.12 விநாடிக்கு மேல் போகாததால் யாரும் காத்திருந்ததாக உணர்வதில்லை. எழும் துண்டை வெட்ட அனுமதிக்கும் இடம் விகிதத்தைப் பொறுத்து நகரலாம்: இலேசான இறக்கத்தில் அடிமட்டத்திலிருந்தே ஓட்டத்துக்கு மாறலாம், முழுப் பலத்த இறக்கத்தில் பாதி எழுந்த பிறகு. அந்த மாற்றத்துக்கு 0.2 விநாடி கொடுத்தாலும் தவறில்லை, ஏனென்றால் இடுப்பு அப்போது மெதுவாகத்தான் அசைந்துகொண்டிருக்கிறது.